போத்தலின் அடியில் தங்கிய மருந்து



எல்கடுவையில் எங்கள் அயல்வீட்டுப் பிள்ளைக்குக் காதுவலியும் காய்ச்சலும். டொக்டர் அமொக்ஸிசிலின் பாணியை 5 மில்லிலீற்றர் வீதம், நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள் கொடுக்கச் சொன்னார். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை. பிள்ளையின் உம்மா போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். மேலே தண்ணீர் போலவும் அடியில் வெள்ளை வண்டலாகவும் இருந்தது. மாத்தளைக்குப் போகும்போது அதைப் பாமசியில் காட்டினேன்.

"பொடி சரியாகக் கரையவில்லை, தண்ணீரும் கோட்டைத் தாண்டியிருக்கிறது. பிள்ளைக்கு இவ்வளவு நாளும் மருந்து குறைவாகத்தான் போயிருக்கிறது. முதலில் டொக்டரிடம் திரும்பக் காட்டுங்கள்" என்றார் அவர். பிறகு கலக்கும் முறையைச் சொல்லித் தந்தார்.

முதலில் மூடியைத் திறக்காமலே போத்தலைத் தட்டி, ஒட்டிய பொடியை உதிர்க்க வேண்டும். கொதிக்க வைத்து நன்றாக ஆறிய நீரைக் கோட்டுக்குப் பாதிக்குச் சற்று மேல்வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கிய பின்தான் கோடுவரை நிரப்பி மீண்டும் குலுக்க வேண்டும். நுரையைக் கோடென்று எண்ணினால் நீர் குறைந்துவிடும். ஒவ்வொரு வேளையும் குலுக்கிய பின்பே, கூட வரும் அளவுக் கரண்டியால் கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்கையும் பாருங்கள். நாளைக்கு 15 மில்லிலீற்றர் என்றால் ஏழு நாளைக்கு 105 வேண்டும். போத்தலிலோ 100தான். கடைசி வேளைக்கு மருந்து இராது. ஆகவே வாங்கும்போதே கணக்கிட்டு இரண்டாவது போத்தலும் கேளுங்கள். முதலாவது முடியும் வரை அதைக் கலக்காதீர்கள்.

கலந்த அமொக்ஸிசிலினைக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வைப்பது நல்லது. உறைய விடக் கூடாது. கிளவுலானிக் அமிலம் சேர்ந்த பாணிக்குக் குளிர் கட்டாயம். ஏழு நாளில் மிச்சத்தை வீசிவிட வேண்டும். கிளரித்ரோமைசின் பாணியையோ குளிரில் வைக்கவே கூடாது. அது தடித்துக் கசக்கும். எனவே லேபலை வாசியுங்கள். நம் மலைக் குளிரும் மண்பானை நீரும் பெட்டியின் குளிருக்கு ஈடாகா. வீட்டில் பெட்டி இல்லையென்றால் அதைப் பாமசியில் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சுபஹுக்குப் பின், ளுஹருக்குப் பின், தூங்குமுன் என்று வைத்தால் மூன்று வேளையும் மறவாது. ஒரு வேளை தவறினால், அடுத்ததற்கு நான்கு மணி நேரமாவது இருந்தால் உடனே கொடுக்கலாம். அதற்குள் என்றால் விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். குடித்து அரை மணிக்குள் வாந்தியெடுத்தால் அதே அளவை மீண்டும் கொடுக்கலாம். உடம்பில் தடிப்போ முகவீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் மருந்தை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டொக்டர் புதிதாக எழுதித் தந்த மருந்தைச் சரியாகக் கலந்து கொடுத்ததும், இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. "இனி நிறுத்தட்டுமா?" என்று உம்மா கேட்டார். காய்ச்சல் விட்டாலும் கிருமி முழுதாய் அழிந்திராது. எத்தனை நாளென்று சொன்னவர் டொக்டர், நிறுத்தச் சொல்வதும் அவரே என்றேன். ஏழாம் நாளிரவு கடைசி வேளையும் கொடுத்தார். மிஞ்சியதைத் தம்பிக்கென்று எடுத்து வைக்காமல் வீசிவிட்டார்.