அழுத்தம் கூடினால் சமநிலை நகருமா?

"அழுத்தத்தை அதிகரித்தால், மோல்கள் குறைவாக உள்ள பக்கம் சமநிலை நகரும்." மாணவர்களே, லீ சாட்லியர் கொள்கையை இப்படித்தான் நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பித் தேர்வுக்குப் போவது ஆபத்து என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

மூடிய சிரிஞ்சு ஒன்றில் இரு வாயுக்கள் சமநிலையில் இருப்பதாகக் கொள்வோம். N₂O₄ நிறமற்றது, NO₂ பழுப்பு நிறமுடையது.

N₂O₄ ⇌ 2NO₂

25° செல்சியசில் இதன் சமநிலை மாறிலி, அதாவது [NO₂]² / [N₂O₄], ஏறத்தாழ 0.0046. லிட்டருக்கு 0.040 மோல் N₂O₄ இருந்தால், NO₂ 0.0136 மோல் இருக்கும்.

இனி, வெப்பநிலை மாறாமல் உந்தியை அழுத்திப் பருமனைப் பாதியாக்குவோம். அந்தக் கணத்தில் இரு செறிவுகளும் இரட்டிக்கின்றன. பின்னத்தின் மேல் எண் நான்கு மடங்காகிறது. கீழ் எண் இரு மடங்காகிறது. எனவே ஈவு, மாறிலியைப்போல் இரு மடங்கு! அது குறைய வேண்டுமானால் வினை இடப்பக்கம் திரும்பியே ஆக வேண்டும்.

"அப்படியானால் நிறம் முன்னைவிட வெளுத்துவிடும்" என்று எழுதுவோர் பலர். இது முதல் கண்ணி. NO₂ செறிவு 0.0136-இலிருந்து 0.0272 ஆக உயர்ந்து, பிறகு 0.0196-க்கு இறங்கி நிற்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் நிறம் சட்டென அடர்ந்து, பின் சற்று வெளுக்கும்; ஆனால் தொடக்கத்தைவிட அடர்த்தியாகவே இருக்கும். நகர்வு, மாற்றத்தைக் குறைக்கிறதே தவிர அழித்துவிடுவதில்லை.

இரண்டாவது கண்ணி ஆர்கான். பருமனை மாற்றாமல் ஆர்கானைச் செலுத்தினால் மொத்த அழுத்தம் உயரும். ஆனால் இரு வாயுக்களின் செறிவும் மாறவில்லை, ஈவும் மாறவில்லை. சமநிலை அசையாது! உந்தியைத் தடையின்றி நகரவிட்டு, அழுத்தம் மாறாமல் ஆர்கானைச் சேர்த்தால் கதை வேறு. பருமன் பெருகுகிறது, செறிவுகள் குறைகின்றன, வினை வலப்பக்கம் செல்கிறது.

மூன்றாவது, வெப்பநிலை. இதுவரை மாறியது ஈவு. மாறிலி அப்படியே இருந்தது. வெப்பநிலையோ மாறிலியையே மாற்றிவிடும். N₂O₄ சிதைவது வெப்பங்கொள் வினை. ஆகவே சூடாக்கினால் மாறிலி உயர்ந்து, பழுப்பு நிறம் மிகும்.

எனவே வினாத்தாளில் "அழுத்தம்" என்ற சொல்லைக் கண்டதும் விடை எழுதாதீர்கள். பருமன் மாறியதா, செறிவு மாறியதா, வெப்பநிலை மாறியதா என்று முதலில் கேளுங்கள்.

இப்போது நீங்களே சொல்லுங்கள்: H₂ + I₂ ⇌ 2HI வாயுக் கலவையின் பருமனைப் பாதியாக்கினால் அயோடினின் ஊதா நிறம் அடர்கிறது. சமநிலை நகர்ந்ததா?