கடிக்கும் குழந்தையும் அங்கன்வாடிக் குறிப்பேடும்



இரண்டரை வயதுப் பாலகன் இன்னொரு குழந்தையைக் கடித்துவிட்டால், அதனைக் கொடுமைப்படுத்தல் என்று சொல்லிச் சண்டைக்கு வரும் பெற்றோரை எங்கள் அகஸ்தீஸ்வரம் வட்டாரத்தில் அடிக்கடி காண்கிறேன். நார்வே நாட்டு உளவியல் அறிஞர் டான் ஓல்வியஸ் வகுத்த இலக்கணப்படி, துன்புறுத்தும் உத்தேசமும், திரும்பத் திரும்ப நிகழ்தலும், இருவரிடையே பலத்தில் ஏற்றத்தாழ்வும் ஒருங்கே அமைந்தால்தான் அது கொடுமைப்படுத்தல் ஆகும். வாக்கு நிரம்பாத பருவத்தில் பசியையும் தூக்கத்தையும் பல்லால் உரைக்கிற சிசுவுக்கு அத்தகைய திட்டம் ஏது?

ஆதலால் அங்கன்வாடி ஆசிரியை குறிப்பேட்டில் கண்டதை மட்டுமே எழுத வேண்டும். "காலை 11.40, மரவண்டியை இருவரும் இழுத்தனர், இடது முன்கையில் பல் தடம், தோல் கிழியவில்லை, சோப்பிட்டுக் கழுவி, ஈரத்துணி ஒற்றினேன்" என்பது போதும், "முரட்டுப் பிள்ளை" என்ற தீர்ப்பு அங்கே கூடாது. தோல் கிழிந்திருந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டும்படி எழுத வேண்டும். இரு வீட்டாருக்கும் அன்று மாலையே தனித்தனியே சொல்லிக் கையொப்பம் பெறுவதும், கடிபட்ட குழந்தையின் தாயிடம் கடித்தவன் பெயரை வெளியிடாதிருப்பதும் நியாயம்.

சில வாரக் குறிப்புகளைச் சேர்த்து வாசித்தால் காரணம் புலப்படும். மதிய உணவுக்குச் சற்று முன்பே, வெவ்வேறு குழந்தைகள்மீது கடி விழுந்திருப்பின் பசியே மூலம்; உணவு நேரத்தை முன்தள்ளிப் பார்க்கலாம். நான்கைந்து வயதுப் பிள்ளை, பறிக்க ஒரு பொருளும் இல்லாதபோதும், ஆசிரியை திரும்பும் சமயம் பார்த்து, அதே மெலிந்த குழந்தையையே நாடுகிறதென்றால்தான் கவலைப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி ஆசிரியை,
நாகர்கோவில்.