தேடுபவர் யார்? கோடம்பாக்கத்தில் ஒரு கீவேர்டு பாடம்

சினிமாவுக்கு உடை வாடகைக்குத் தரும் கடைகளில் சில, பள்ளி மாறுவேடப் போட்டிகளுக்கும் உடை தருகின்றன. கோடம்பாக்கத்தில் அப்படி ஒரு கடை, தன் வெப்சைட்டுக்கு ஒரு பிளாக் கட்டுரை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை, கன்டென்ட் மார்க்கெட்டிங் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த இன்டர்ன் பெண்ணிடம் வருகிறது. இப்போது செப்டம்பர் கடைசி. டிசம்பர் 11 பாரதியார் பிறந்தநாள். அதற்குள் கட்டுரையைப் படித்துவிட்டு நாலு பெற்றோராவது கடைக்கு வரவேண்டும்.

அவள் முதலில் லேப்டாப்பைத் திறக்கவில்லை. கடையில் போன் எடுப்பவரிடம், "அம்மாக்கள் என்னண்ணே கேப்பாங்க?" என்று விசாரித்தாள். "மூணு வயசுப் பையனுக்கு பாரதியார் டிரெஸ் இருக்கா, தலைப்பாகை கட்டியே வருமா, எப்போ திருப்பித் தரணும்... இதுதாம்மா" என்றார். இந்தக் கேள்விகள்தான் விதை.

அவற்றை ஒவ்வொன்றாக கூகுள் பெட்டியில் தட்டினாள். நம்மூர்க்காரர்களில் பலர் தமிழில் நினைத்து ஆங்கில எழுத்தில் தேடுவார்கள். அதனால் `bharathiyar fancy dress`, `பாரதியார் மாறுவேடம்` என்று இரண்டு விதமாகவும் தட்டி, கீழே விழும் பரிந்துரைகளைக் குறித்துக்கொண்டாள்.

அடுத்து, கூகுள் விளம்பரக் கணக்கில் இருக்கும் `Keyword Planner`. விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவர்களுக்கு இது பொதுவாகத் துல்லியமான எண்ணைக் காட்டாது. மாதத் தேடல் 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று அகலமான வரம்பைத்தான் காட்டும். எது பெரியது, எது சிறியது என்று ஒப்பிட அது போதும்.

இங்கேதான் அவள் சறுக்கினாள். `fancy dress rental chennai` என்ற சொல்லுக்கு நேரே `Competition` என்ற கட்டத்தில் `High` என்று இருந்தது. போட்டி அதிகம் என்று அதை அடித்துவிட்டு, வரம்பு பெரிதாக இருந்த வெறும் `fancy dress` என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

பக்கத்து சீட் சீனியர் எட்டிப் பார்த்தார். "அந்தக் கட்டம் விளம்பரம் கொடுக்கிறவங்களோட போட்டிம்மா. கட்டுரை மேல வர்றது கஷ்டமா, சுலபமான்னு அது சொல்லாது. காசு கொடுத்து அத்தனை பேர் அந்தச் சொல்லைப் பிடிக்கிறாங்கன்னா, அதுல வியாபாரம் இருக்குன்னு அர்த்தம்."

"அப்போ கஷ்டமா இல்லையான்னு எப்படிக்கா தெரியும்?"

"முதல் பக்கத்தைப் பாரு."

பழைய தேடல்களின் சாயல் குறைவாக இருக்க, இன்காக்னிட்டோ ஜன்னலில் பார்த்தாள். `fancy dress` என்றதும் பெரிய ஆன்லைன் கடைகள் வரிசைகட்டின. தேடுபவர் வாங்க வந்திருக்கிறாரா, ஐடியா தேடுகிறாரா என்றே தெரியவில்லை. `fancy dress rental chennai` என்றதும் மேப்பும் கடைகளின் பெயர்களும் வந்தன. அங்கே நிற்கவேண்டியது கட்டுரை இல்லை; கடையின் முகவரி, நேரம், போட்டோ உள்ள கூகுள் பிசினஸ் பக்கம். அதைச் சரிசெய்யச் சொல்லி ஒரு குறிப்பு எழுதிவைத்தாள்.

மூன்றாவதாக `bharathiyar fancy dress speech in tamil`. வரம்பு சின்னதுதான். ஆனால் முதல் பக்கத்தில் வீடியோக்களும் பழைய கட்டுரைகளும் இருந்தன. குழந்தை மேடையில் என்ன பேசவேண்டும் என்று சிலவற்றில் இருந்தது; உடைக்கு என்ன தேவை என்று எதிலும் முழுதாக இல்லை. தேடுவது யார் என்பதும் தெளிவு: போட்டிக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் ஓர் அம்மாவோ அப்பாவோ. கட்டுரை அவருக்குத்தான்.

அவர் மனதில் கேள்விகள் எழும் வரிசைதான் அவுட்லைன். அவள் போட்டது இது:

1. எல்.கே.ஜி. குழந்தை சொல்லக்கூடிய நான்கு வரிப் பேச்சு
2. என்னென்ன வேண்டும்: கறுப்பு கோட்டு, வேட்டி, தலைப்பாகை, மீசை
3. தலைப்பாகை நழுவாமல் கட்டுவது எப்படி
4. வீட்டிலேயே இருப்பவை, வாடகைக்கு எடுக்கவேண்டியவை
5. எத்தனை நாள் முன்பு சொல்லிவைக்கவேண்டும், எப்போது திருப்பித் தரவேண்டும்

பேச்சைத் தேடி வந்தவருக்கு அதுதான் முதலில் கிடைக்கவேண்டும். கடையின் பெயர் நாலாவது தலைப்பில்தான் வருகிறது. முதல் வரியிலேயே கடையை நுழைத்தால், வந்தவர் திரும்பிப் போய்விடுவார். ஒவ்வொரு தலைப்பின் கீழும் பதிலை ஒரே வரியில் எழுதிப் பார்த்தாள். பதில் வராத தலைப்பு ஒன்றிருந்தது, "மாறுவேடப் போட்டியின் முக்கியத்துவம்". அதை வெட்டிவிட்டாள்.

கட்டுரை அக்டோபர் முதல் வாரமே ஏறவேண்டும். கூகுள் அதைக் கண்டுபிடித்துத் தன் பட்டியலில் சேர்க்க நாள் பிடிக்கும். டிசம்பர் 10 அன்று ஏற்றினால் யாருக்கும் பயனில்லை. நவம்பரில் `Search Console` திறந்து, எந்தச் சொற்களுக்குக் கட்டுரை காட்டப்பட்டது என்று பார்க்கவேண்டும். பலமுறை காட்டப்பட்டும் யாரும் தொடவில்லையென்றால், தலைப்பையும் அது வந்து நிற்கும் இடத்தையும் பார்க்கவேண்டும். எதற்குமே காட்டப்படவில்லையென்றால், கட்டுரை பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு சொல்லைச் சந்தேகிக்கவேண்டும்.