நூறு கிராம் கறிவேப்பிலைக்கு ஒரு கிராம் கணக்கு

கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோர் ஊற்று, ரோஜாவுக்கு வாழைப்பழத் தோல் புதை, எல்லாச் செடிக்கும் அரிசி களைந்த தண்ணீர் விடு. மாடித் தோட்டம் போட்டவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த மூன்றும் வரும். மூன்றும் சமையலறையில் மீந்து போகிறவை என்பதால் வீணாகாமல் செடிக்குப் போகட்டும் என்ற மனசு இதில் இருக்கிறது. அந்த மனசை நான் மதிக்கிறேன். ஆனால் ‘ஊற்றினேன், தழைத்தது’ என்பதோடு நிறுத்தாமல், எது எவ்வளவு கொடுக்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. அதற்குக் கறிவேப்பிலைதான் சரியான செடி. நாம் அதிலிருந்து எடுப்பது இலை ஒன்றையே என்பதால் வரவு செலவு குழப்பமில்லாமல் தெரியும்.

நூறு கிராம் கறிவேப்பிலையில் சுமார் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. புரதத்தில் ஆறில் ஒரு பங்கு தழைச்சத்து. ஆக, நூறு கிராம் இலை பறித்தால் தொட்டியிலிருந்து ஏறத்தாழ ஒரு கிராம் தழைச்சத்து வெளியே போய்விடுகிறது. நிலத்தில் நிற்கும் மரம் வேரை நீட்டி அந்தக் குறையை எங்கிருந்தாவது தேடிக்கொள்ளும். தொட்டிச் செடிக்கு அந்த வழி கிடையாது. நாம் போடுவதுதான் அதற்கு வரவு. சரி, போன ஒரு கிராமைத் திருப்பிக் கொடுக்க மேற்சொன்ன மூன்றில் எது எவ்வளவு வேண்டும்?

முதலில் வாழைப்பழத் தோல். ஈரத் தோலின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். மிச்சமிருக்கும் காய்ந்த பொருளில் தழைச்சத்து நூற்றுக்கு ஒன்று, ஒன்றேகால் என்ற அளவில்தான் இருக்கும். பூவன் பழத் தோல் ஒன்று நாற்பது கிராம் என்று வைத்தால் காய்ந்த பின் நிற்பது நாலு கிராம். அதில் தழைச்சத்து ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு. ஒரு கிராமுக்கு இருபது தோல் வேண்டும், அதுவும் முழுக்க மக்கிய பிறகு. கறிவேப்பிலையைப் பொறுத்தவரை இது எட்டாத கணக்கு.

தோலில் நிறைய இருப்பது சாம்பல் சத்து. அது செடியின் உடம்பில் எதோடும் பிணைந்து கிடக்காமல் சாற்றிலேயே கரைந்து ஓடுகிற சத்து. அதனால்தான் தோலை நறுக்கி ஊற வைத்தால் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் அப்படி இறங்காது. தோல் மக்கினால்தான் வெளியே வரும். எனவே ‘வாழைப்பழத் தோல் தண்ணீர்’ என்பது கொஞ்சம் சாம்பல் சத்தும் நிறைய இனிப்பும் கலந்த தண்ணீர், அவ்வளவுதான். காய் பிடிக்கும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் அது ஓரளவு உதவும், வேறு உரமும் கூடவே போகிறது என்றால். ஒரு ராத்திரி ஊறினால் போதும். மூன்று நாள், ஐந்து நாள் என்று வைத்தால் நாற்றமும் பழ ஈயும்தான் கூடும்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் வாழைத்தோல் போடு என்று பலர் சொல்கிறார்கள். அந்த அழுகல் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் இல்லை. தண்ணீர் ஒருநாள் நிறைய, மறுநாள் இல்லை என்று மாறிமாறிப் போவதால் காய் வரைக்கும் அது ஏறவில்லை. சாம்பல் சத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் சுண்ணாம்புச் சத்தை வேர் எடுப்பது இன்னும் குறையும். அந்தச் செடிக்கு வேண்டியது ஒழுங்கான தண்ணீர்.

பச்சைத் தோலைத் தொட்டிக்குள் புதைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. சின்னத் தொட்டியில் அது மக்கும்போது, மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே பட்டினியாக இருக்கும் செடி இன்னும் வெளுக்கும். எறும்பு வரும், எலி இருக்கும் மாடியில் ஒரே ராத்திரியில் தொட்டியைத் தோண்டிப் போட்டிருக்கும். நறுக்கி, காய்ந்த சருகோடு சேர்த்து மக்குத் தொட்டியில் போட்டுவிடுங்கள். மக்கிய பிறகு அதிலுள்ள எல்லாச் சத்தும் செடிக்குத்தான் வரப்போகிறது.

அடுத்தது கழுநீர். இதைத் தொட்டிச் செடிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. மாடு கட்டிய வீடுகளில் கழுநீர்ப் பானை என்று தனியாக வைத்து, களைந்த தண்ணீரையெல்லாம் சேர்த்து மாட்டுக்குக் காட்டினார்கள். அதில் ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அரிசியைக் களையும்போது அதன் புரதத்தில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஏழு பங்கு வரை தண்ணீரோடு போகிறது. சாம்பல் சத்தும் மணிச்சத்தும் அதைவிடப் பெரிய பங்கில் போகின்றன. கால் கிலோ அரிசி களைந்தால் தழைச்சத்து மட்டும் சுமார் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வரும். தினமும் அந்தத் தண்ணீர் முழுவதும் ஒரே தொட்டிக்குப் போனால் பத்து நாளில் நம் ஒரு கிராம் சேர்ந்துவிடும்.

எனக்கே இந்தக் கணக்கு வியப்பாக இருந்தது. கழுநீரைச் சும்மா வெள்ளைத் தண்ணீர் என்று ஒதுக்க முடியாது. ஆனால் யாரும் அப்படி ஒரே தொட்டிக்கு ஊற்றுவதில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை இருபது தொட்டிக்குப் பங்கு வைக்கிறோம். அப்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது தண்ணீர் மட்டுமே. கறிவேப்பிலை, முருங்கை, கீரை என்று இலைக்காக வளர்க்கும் ஒன்றிரண்டு தொட்டிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்கே ஊற்றினால் பலன் தெரியும். முதல் இரண்டு களைதல் போதும். மூன்றாவதில் அநேகமாக ஒன்றுமில்லை. அன்றன்றே ஊற்றிவிட வேண்டும். மண்ணின் மேல் வெள்ளையாக ஏடு படிந்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் நின்றால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். சின்னக் கறுப்பு ஈக்கள் மண்ணிலிருந்து எழும்பினாலும் அப்படியே. அந்த ஈயின் புழுக்கள் நாற்றுகளின் பிஞ்சு வேரைத் தின்னும். இரண்டு மூன்று நாள் நிறுத்தி, மேல் மண்ணைக் கிளறிக் காயவிட்டால் சரியாகும். உப்புப் போட்டு வடித்த கஞ்சி மட்டும் எந்தத் தொட்டிக்கும் கூடாது.

இனி மோர். மூன்றிலும் தழைச்சத்து அதிகம் இருப்பது இதில்தான். இருநூறு கிராம் தயிரில் ஏழு கிராம் வரை புரதம் இருக்கிறது. அதாவது நம் கணக்குப்படி ஒரு கிராம் தழைச்சத்து. அதைக் கடைந்து தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர் மோராக்கினால் ஒரு நூறு கிராம் இலைக்கு ஈடு. கறிவேப்பிலைக்கு மோர் என்று சொன்ன பாட்டிமார்களின் வாக்கு பொய்யில்லை. மோரில் இன்னொன்றும் உண்டு, புளிப்பு. சென்னையின் பல இடங்களில் போர் தண்ணீர் உவர்ப்பும் சுண்ணாம்பும் உள்ளது. அந்தத் தண்ணீரே குடித்து வளரும் செடியில் இளந்தளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் தெரிந்தால், மண்ணில் இருக்கும் இரும்பு கரையாமல் பூட்டிக் கிடக்கிறது என்று பொருள். புளித்த மோர் வேரருகே சில நாள் அதைக் கொஞ்சம் இளக்கிவிடும். நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பைத் தின்றுவிட்டால் மண் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இதிலிருந்து ஓர் அடையாளமும் கிடைக்கிறது. மஞ்சள் தளிரில் தொடங்கினால் இரும்பு. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுசாக வெளுத்தால் தழைச்சத்துப் பஞ்சம். முதிர்ந்த இலையின் ஓரம் கருகினால் சாம்பல் சத்துக் குறை, அல்லது உப்பு ஏறிய தண்ணீர். கண்ணால் பார்த்த பிறகு ஊற்றுங்கள்.

மோரைப் பற்றி ஒரு சந்தேகத்தையும் சொல்ல வேண்டும். கறிவேப்பிலை மார்கழி, தையில் தளிர் விடாமல் சோர்ந்து நிற்கும். அப்போதுதான் நாம் கவலைப்பட்டு மோர் ஊற்றுகிறோம். மாசி, பங்குனியில் வெயில் ஏறியதும் அது தானாகவே துளிர்க்கும். பெயர் மோருக்குப் போகிறது. உண்மை தெரிய ஒரே அளவுள்ள இரண்டு தொட்டி வேண்டும். ஒன்றுக்கு மோர், மற்றதற்கு அதே அளவு வெறும் தண்ணீர். இரண்டையும் ஒரே நாளில் கிள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும்.

வேருக்கு ஊற்றுவதைவிட இலைமேல் தெளிப்பதில் மோரின் சொந்தக்காரப் பொருளான பாலுக்கு உறுதியான சான்று உண்டு. பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், சீமைச் சுரைக்காய் இலையில் வரும் சாம்பல் நோயைப் பாலும் தண்ணீரும் கலந்து தெளித்துக் கட்டுப்படுத்தினார். பத்துக்கு ஒரு பங்கும் அதற்கு மேலும் பால் இருந்த கலவை, வாரா வாரம் தெளித்தபோது, பூஞ்சை மருந்துக்கு இணையாக வேலை செய்தது. நம் வெண்டை, பூசணி, பீர்க்கு இலைமேல் மாவு தூவியதுபோல் வெள்ளை படரத் தொடங்கும்போதே மோரைத் துணியில் வடிகட்டி, ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துக் காலை வெயிலில் தெளிக்கிறேன். இலை முழுக்க மூடிய பிறகு தெளித்துப் பயனில்லை. கறிவேப்பிலைத் தண்டில் வெள்ளையாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோதான். விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கும். அதற்கு மோர் ஒன்றும் செய்யாது. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். அங்கும் மோர் மருந்தாகாது.

வேருக்கு ஊற்றுவதானால் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, மாதம் இரண்டு முறை போதும். அப்படியே கெட்டியாக ஊற்றினால் கொழுப்பு மண்ணில் படிந்து நாறும், பூனை வரும். உப்பு, தாளிதம் போட்ட நீர்மோர் தொட்டிக்குப் போகவே கூடாது.

அப்படியானால் அந்த ஒரு கிராமை எளிதாக எதில் கொடுப்பது? கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்கு ஏழு பங்கு தழைச்சத்து இருக்கிறது. பதினைந்து கிராம், ஒரு சின்னக் கைப்பிடி, போதும். வேப்பம் புண்ணாக்கு என்றால் இருபது கிராம். நல்ல மண்புழு உரம் என்றால் எழுபது கிராம் அளவுக்குப் போகும். இருநூறு கிராம் தயிரின் விலையோடு ஒப்பிட்டால் புண்ணாக்கு எவ்வளவு மலிவு என்று தெரியும். அதிலுள்ளது எல்லாம் உடனே கிடைக்காது, கொஞ்சம் காற்றிலும் போகும் என்பதால் கணக்கைவிட ஒரு பங்கு கூடுதலாக, இருபது இருபத்தைந்து கிராம் எடுத்துக்கொள்வேன். இரண்டு நாள் தண்ணீரில் ஊற வைத்து, கரைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, ஈரமாக இருக்கும் மண்ணில் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் வெந்துபோகும். பதினைந்து, இருபது நாளில் அடி இலைகள் வெளுப்பது நின்று, புதுத் தளிர் தடிமனாக வரும். அந்தத் தளிர் முற்றும்வரை பறிக்காமல் விட்டால் அடுத்த முறை கொத்து பெரிதாக இருக்கும்.