‘சட்டத்தில் வேறுபாடு இல்லை’ என்போருக்கு: லாக்டவுன் வசதி பற்றி

களப்பணிக்குச் செல்லும் ஆய்வு மாணவர்கள் தம் கைப்பேசியில் உள்ள லாக்டவுன் வசதியைப் பழகிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம், சட்டம் படித்த நண்பர்கள் ஒரே மறுமொழியைத் தருகிறார்கள். “நாம் இருப்பது கர்நாடகம். வீரேந்திர கன்னா வழக்கில் உயர் நீதிமன்றம் கடவுச்சொல்லையும் கைரேகையையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. பிறகு விரலை நீக்கிவிட்டு எண்ணைக் கேட்கவைப்பதால் என்ன பயன்?” கற்றவர் வாயிலிருந்து வருவதால் இம்மறுமொழி விவாதத்தை முடித்துவைத்துவிடுகிறது. தீர்ப்பை முழுமையாகப் படித்தால் இதற்கு நேர்மாறான முடிவுக்கே வர வேண்டியிருக்கும் என்பதுதான் என் வாதம்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெயரைக் கேட்டதும் 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நினைவுக்கு வந்தால் அது நம் குற்றமன்று. 2018இல் வெளியான ஆண்ட்ராய்டு 9 முதல் இவ்வசதி உள்ளது. மின்பொத்தானை அழுத்தி வரும் பட்டியலில் `Lockdown` என்பதைத் தொட்டால், கைரேகை, முகம், நம்பகமான இடம் அல்லது கருவி அருகில் இருந்தால் தானாகத் திறப்பது ஆகிய எல்லா வழிகளும் அக்கணமே அடைபடும். பூட்டுத்திரையில் வந்து விழும் அறிவிப்புகளும் மறையும். கடவெண், கோலம் அல்லது கடவுச்சொல் கொடுத்து ஒருமுறை திறக்கும்வரை இந்நிலை நீடிக்கும். திறந்தவுடன் எல்லாம் பழையபடி ஆகிவிடும். சாம்சங் போன்ற சில கருவிகளில் இவ்வரி பட்டியலில் தென்பட வேண்டுமானால், பூட்டுத்திரை அமைப்புகளுக்குள் சென்று `Show Lockdown option` என்பதை முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டும். ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலிப்பொத்தான்களுள் ஒன்றையும் சேர்த்து இரண்டு நொடி அழுத்தி, அணைப்பதற்கான திரை வந்ததும் விலக்கிவிட்டால் இதே விளைவு கிட்டும். ஆப்பிள் 2022இல் அறிமுகப்படுத்திய `Lockdown Mode` முற்றிலும் வேறொன்று. அது உளவுமென்பொருள் தாக்குதலுக்கு எதிரான ஏற்பாடு. விரலையோ முகத்தையோ அது முடக்குவதில்லை.

இனித் தீர்ப்புக்கு வருவோம். பெங்களூரில் 2020இல் எழுந்த போதைப்பொருள் வழக்கொன்றில், குற்றஞ்சாட்டப்பட்டவரின் கைப்பேசியைத் திறக்கும் கேள்வி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. 2021 மார்ச்சில் வெளியான அத்தீர்ப்பு, கடவுச்சொல்லையோ கைரேகையையோ தருவது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் சாட்சியம் ஆகாது என்று கூறியது உண்மையே. கைரேகையைப் பொறுத்தவரை இது புதிதன்று. உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் 1961இல் காத்தி காலு ஓகத் வழக்கிலேயே கைரேகை தருவது சாட்சியமன்று என்று முடிவு செய்துவிட்டார்கள். கடவுச்சொல்லையும் அதே வரிசையில் சேர்த்ததுதான் கர்நாடகத் தீர்ப்பின் புதுமை. தில்லியில் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் ஒன்று 2022இல் இதிலிருந்து மாறுபட்டு, மனத்தில் உள்ள கடவுச்சொல்லைக் கட்டாயப்படுத்திப் பெற முடியாது என்றது. இம்முரண் இன்னும் தீராதது. ஆனால் என் வாதம் அதை நம்பி நிற்கவில்லை.

என் நண்பர்கள் தாண்டிச் செல்வது அதே கர்நாடகத் தீர்ப்பின் இன்னொரு பகுதி. புலனாய்வு அதிகாரி கடவுச்சொல்லையோ கைரேகையையோ கேட்கலாம்; கொடுப்பதும் மறுப்பதும் கேட்கப்படுபவரின் விருப்பம். மறுத்தால் அதிகாரி நீதிமன்றத்தை அணுகிச் சோதனை ஆணை பெற வேண்டும். ஆணையின்றிச் சோதிக்க வேண்டிய அவசரம் இருந்தால் அதற்கான காரணங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நீதிமன்றம் ஆணையிட்ட பிறகும் மறுப்பவருக்கு எதிராக ஊகம் கொள்ளப்படலாம். ஆக, தெருவில் நிற்பவருக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே ஒரு படியை இத்தீர்ப்பு வைத்திருக்கிறது. அந்தப் படியின் பெயர் மறுக்கும் உரிமை.

இரவு பதினொரு மணிக்கு நூலகத்திலிருந்து ஆஸ்டின் டவுனில் உள்ள தன் அறைக்குத் திரும்பும் ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். தடுப்பு வைத்து வாகனங்களைச் சோதிக்கிறார்கள். கைப்பேசியைக் காட்டச் சொல்கிறார்கள். கற்பனை என்று தள்ள வேண்டாம். ஐதராபாத்தில் 2021 அக்டோபரில் காவலர்கள் தெருவில் இளைஞர்களை நிறுத்தி, கஞ்சா பற்றிய உரையாடல் இருக்கிறதா என்று வாட்ஸ்அப்பைத் தேடியதை நாடே பார்த்தது. நம் மாணவரின் கருவி கைரேகையால் திறப்பது என்றால், மேலே சொன்ன படி அங்கே இல்லை. கட்டைவிரலை இழுத்து வைப்பதற்கு ஒரு நொடி போதும். முகத்தால் திறப்பது என்றால் கருவியை முகத்துக்கு நேரே நீட்டினாலே போதும். கேட்டல், மறுத்தல், ஆணை என்ற வரிசை தொடங்குவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். பிறகு அவர் மறுத்தாரா இசைந்தாரா என்று யார் நிறுவுவது? தடுப்பைத் தொலைவில் கண்டவுடன் லாக்டவுனைத் தொட்டிருந்தால், காவலர் வாய்திறந்து எண்ணைக் கேட்டாக வேண்டும். கேள்வி கேட்கப்பட்டால்தான் மறுமொழி என்ற ஒன்று இருக்க முடியும். நீதிமன்றத்தில் விரலும் எண்ணும் சமமாக இருக்கட்டும். நீதிமன்றத்தை எட்டுவதற்கு முன் அவை சமமல்ல. என் நண்பர்கள் கூண்டில் நிற்பவரைப் பற்றிப் பேசுகிறார்கள்; நான் தெருவில் நிற்பவரைப் பற்றிப் பேசுகிறேன்.

அச்சுறுத்தி எண்ணையும் வாங்கிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். வாங்கலாம். அதை இவ்வசதி தடுக்காது. ஆனால் அச்சுறுத்திப் பெற்றதைப் பின்னர் நீதிபதியிடம் சொல்ல முடியும். அங்கே ஒரு செயல் நடந்திருக்கும்.

காவல்துறையை மட்டும் மனத்தில் கொண்டு இதைச் சொல்லவில்லை. 2017 நவம்பரில் தோகாவிலிருந்து பாலிக்குச் சென்ற விமானம் ஒன்று சென்னையில் இறங்க நேர்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த கணவரின் விரலை வைத்து மனைவி கைப்பேசியைத் திறந்ததில் எழுந்த சண்டை அதற்குக் காரணம். யார் பக்கம் நியாயம் என்பது நம் வேலையன்று. உறங்குபவரின் விரலும் திறக்கும் என்பதே நமக்கு வேண்டிய செய்தி. இரவு ரயிலில், பகிர்ந்து வாழும் விடுதி அறையில், தன்னைக் கண்காணிக்கும் ஒருவரோடு ஒரே வீட்டில் உறங்க வேண்டியவருக்கு, கண்ணயர்வதற்கு முன் இதைத் தொடுவது பொருத்தமானது.

எப்போதும் இந்நிலையிலேயே வைத்திருப்பதை நான் ஆதரிக்கவில்லை. நெரிசலான பேருந்தில் நூறு முறை எண்ணை அழுத்துபவரின் எண்ணைப் பின்னால் நிற்பவர் படித்துவிடுவார். அங்கே கைரேகையே பாதுகாப்பு. எண் பிறந்த ஆண்டாக இருந்தால் லாக்டவுன் வெறும் சடங்கு. கருவி நம் கையைவிட்டு நெடுநேரம் போகப்போகிறது என்றால் முழுவதுமாக அணைத்துவிடுவதே முறை. லாக்டவுனில் இருக்கும் கருவியின் நினைவகத்தில் குறியாக்கத் திறவுகோல்கள் தங்கியிருக்கும். தடயவியல் கருவிகளுக்கு அது வாய்ப்பளிக்கிறது. அணைத்து இயக்கி, முதன்முறை எண்ணைக் கொடுப்பதற்கு முன் உள்ள நிலையில் பயனரின் தரவைத் திறக்கும் திறவுகோல் அங்கே இருக்காது. நீதிமன்ற ஆணை வந்த பிறகு இதைக் கேடயமாகப் பிடிப்பதும், சான்றுகளை அழிப்பதும் வேறு கணக்கு. அதற்கு வழக்கறிஞரிடம் செல்ல வேண்டும்.

‘மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு இது எதற்கு’ என்னும் பேராசிரியர்களுக்கு ஒரு சொல். உங்கள் கருவியில் இருப்பது உங்களுடையது மட்டுமன்று. பெயரை வெளியிட மாட்டோம் என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுத்தான் துப்புரவுப் பணியாளரின், வீட்டுவேலை செய்யும் பெண்ணின் நேர்காணலைப் பதிவு செய்கிறோம். ஆய்வுத் தரவுகள் கருவியோடு பறிபோவதைத் தடுக்க நெறிமுறைகள் வேண்டும் என்று ராம் ராமசாமி உள்ளிட்ட கல்வியாளர்கள் 2021இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது இதே கவலையால்தான். நெறிமுறை வரும்போது வரட்டும். அதுவரை நெறிமுறைக் குழுக்கள் படிவத்தில் ஒரு வரியைச் சேர்க்கலாம்: பதிவுக்குப் பயன்படும் கருவி எதனால் திறக்கிறது, எந்தச் சூழலில் விரல் முடக்கப்படும், நேர்காணல் அதிலிருந்து எத்தனை நாளில் நீக்கப்படும். இன்று இரவே வீட்டில் ஒருமுறை லாக்டவுனைத் தொட்டு, விரலை வைத்துப் பாருங்கள். திறந்தால் வசதி இயங்கவில்லை என்று பொருள்.