காலை எண்ணும் கடினமான கணக்கும்

சி.ஏ. இறுதித் தேர்வுக்குப் படிக்க அமைதியான இடம் வேண்டுமென்று சென்ற மாதம் எங்கள் வீட்டு மாடியறைக்கு வந்து தங்கிய என் தமக்கை மகன், ஒரு நாள் காலை 6 மணிக்கு எழுந்து, முகம்கூடக் கழுவாமல் தலையணைக்கு அடியிலிருந்த சிறிய நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஏதோ குறித்துவிட்டுக் கீழே இறங்கி வந்து, “இன்னைக்கு எனக்கு எனர்ஜி ரெண்டுதான் மாமா. கன்சாலிடேஷன் கணக்கு இன்னைக்கு வேண்டாம், ஆடிட் நோட்ஸைக் காப்பி பண்ணி முடிச்சுடறேன்” என்று சொன்னபோது எனக்கு உண்டான எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. விழித்ததும் தன் சக்தியை ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணால் மதிப்பிட வேண்டுமாம். சக்தி மிகுந்த நேரத்திற்குக் கடினமான வேலையையும், குறைந்த நேரத்திற்கு எளிய வேலையையும் ஒதுக்க வேண்டுமாம். இது அவன் ஒருவனுடைய பழக்கமாக இருந்தால் விட்டுவிடலாம். படித்தவர்கள், அலுவலகம் நடத்துபவர்கள், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்பவர்கள் ஆகிய பலரும் இதைச் சாஸ்திரம்போல் கொண்டாடுவதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த எண் பிறக்கும் வேளையைப் பாருங்கள். உறக்கத்திலிருந்து விழித்த மனிதனுடைய மூளை விழித்த அந்தக் கணத்திலேயே முழுமையாக வேலைக்கு வந்துவிடுவதில்லை. விழிப்புக்குப் பிந்திய மந்தம் என்று உறக்க ஆராய்ச்சியாளர்கள் குறிப்பிடும் ஒரு நிலை சாதாரணமாகக் கால் மணி முதல் அரை மணி வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கிறது. அந்த மந்தத்தின் நடுவில் உட்கார்ந்து, இன்னும் பதினாறு மணி நேரம் விழித்திருக்கப்போகும் ஒரு நாள் முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவது, அடுப்பு மூட்டுவதற்கு முன்பே உலையில் கை வைத்துப் பார்த்து, இன்று சோறு வேகாது என்று சொல்வதற்குச் சமம்.

மந்தம் தெளிந்த பிறகு கேட்டால் மட்டும் உள்ளம் உண்மை சொல்லிவிடுமா? 2003இல் வான் டாங்கன், டிங்கஸ் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட பரிசோதனை இந்தத் துறையில் பிரசித்தமானது. நல்ல தேக ஆரோக்கியம் உள்ளவர்களை 14 நாட்கள் தொடர்ந்து இரவில் 6 மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாக உறங்க வைத்து, அவர்களுடைய கவனத்தையும் நினைவையும் அளந்தார்கள். நாளுக்கு நாள் பிழைகள் பெருகி, ஓரிரண்டு இரவுகள் கண்ணே மூடாதவனுடைய நிலைக்கு அவர்கள் இறங்கிவிட்டார்கள். ஆனால், தூக்கக் கலக்கம் எவ்வளவு என்று அவர்களையே மதிப்பிடச் சொன்னபோதோ, முதல் சில நாட்களில் ஏறிய எண் அதற்கு மேல் அதிகம் ஏறவில்லை. தாங்கள் இவ்வளவு தாழ்ந்துவிட்டதை அவர்கள் பெரும்பாலும் உணரவே இல்லை. மெய்யாகவே சோர்ந்தவனுக்குத் தன் சோர்வின் அளவு தெரியவில்லை என்றால், சோராதவன் படுக்கையில் இருந்துகொண்டு எழுதும் இரண்டுக்கும் மூன்றுக்கும் என்ன பிரமாணம் இருக்கிறது?

இப்படிச் சொன்னால் உடனே உடற்கடிகாரத்தைப் பற்றிப் பேசுவார்கள். அதிகாலையில் சுறுசுறுப்பானவர், இரவில் சுறுசுறுப்பானவர் என்ற பேதம் உண்மையே. அதைக் கண்டறிய ஹார்ன், ஆஸ்ட்பெர்க் என்ற இருவர் 1976இலேயே வினாத்தாள் ஒன்றை அமைத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சுபாவம் இன்றைக்கு ஒன்றாகவும் நாளைக்கு வேறாகவும் மாறுவதன்று. ஒருமுறை கேட்டு அறிந்துகொண்டால் வருஷக்கணக்கில் செல்லுபடியாகும் ஒரு விஷயத்தைத் தினந்தோறும் காலையில் ஏன் விசாரிக்க வேண்டும்? தினந்தோறும் மாறுவது உடற்கடிகாரம் அன்று, வேறொன்று. அது என்ன என்பதை என் மருமகனுடைய நோட்டுப் புத்தகமே சொல்லிற்று.

அவன் அனுமதியுடன் அதில் இருந்த 14 நாட்களின் குறிப்பையும் புரட்டிப் பார்த்தேன். இரண்டும் அதற்குக் கீழுமாக எழுதியிருந்த நாட்கள் ஆறு. அந்த ஆறில் ஐந்து நாட்களுக்கு, முந்தின இரவே அவன் திட்டத்தில் எழுதி வைத்திருந்தது கன்சாலிடேஷன் கணக்கு. அதாவது, தாய்க் கம்பெனியின் ஐந்தொகையையும் துணைக் கம்பெனியின் ஐந்தொகையையும் ஒன்றாக்கிக் காட்டும் கணக்கு. அவன் மிகவும் அஞ்சுவதும் அதுவே. உறக்கத்தால் வந்த எண் அன்று அது. பயத்தால் வந்த எண். இன்று நான் செய்ய விரும்பாத வேலை என்ன என்ற கேள்விக்கு உள்ளம் தந்த விடையை, என் உடம்பில் சக்தி எவ்வளவு என்ற கேள்விக்குரிய விடையாக அவன் எடுத்துக்கொண்டான். தட்டிக் கழிப்பதற்கு முன்பெல்லாம் மனிதன் ஒரு காரணத்தைத் தேட வேண்டியிருந்தது. தேடும்போதாவது சற்று வெட்கம் இருந்தது. இந்த முறையோ வெட்கத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் எண்ணை வைத்துவிட்டது.

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலப்பை நான் அவனுக்கு நினைவூட்டினேன். 1834இல் தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 1867 வரை அங்கே உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதி, மொத்தம் 47 நாவல்களை விட்டுச் சென்றவர் அவர். காலை 5.30க்கு எழுத்து மேஜையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். அவரை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகவே குதிரைக்காரக் கிழவர் ஒருவருக்கு வருஷத்துக்கு 5 பவுன் அதிகமாகக் கொடுத்து வந்தார். அந்தக் கிழவர், ஐயா இன்று தங்கள் சக்தி எத்தனை என்று கேட்கவில்லை, எழுப்பினார். 1858இல் தபால் இலாகாவின் காரியமாக எகிப்துக்குக் கப்பலில் போகும்போது ‘டாக்டர் தார்ன்’ என்ற நாவலை அவர் எழுதிக்கொண்டிருந்தார். கடல் கொந்தளித்தது, எழுதிய தாளை மேஜையிலேயே விட்டுவிட்டு வாந்தியெடுக்க ஓட வேண்டிய நிலை ஒரு முறைக்கு மேல் நேர்ந்தது, திரும்பி வந்து மீண்டும் எழுதினார். அந்த மனிதரிடம் அன்று காலை எண் கேட்டிருந்தால் ஒன்று என்றுகூடச் சொல்லியிருக்க மாட்டார். நாவல் இருக்கிறது.

மருமகனோடு வாதாடிப் பயனில்லை என்று கண்டு, பத்து நாட்களுக்கு ஒரு நிபந்தனை விதித்தேன். காலையில் எண்ணை எழுது, ஆனால் அதற்குக் கீழ்ப்படியாதே. எந்த எண் எழுதியிருந்தாலும் பிற்பகல் 2 மணிக்கு உட்கார்ந்து ஒரு முழுக் கன்சாலிடேஷன் கணக்கைப் போட்டு, விடையோடு ஒப்பிட்டு, எடுத்த நேரத்தையும் செய்த பிழையையும் அதே பக்கத்தில் எழுது என்றேன். உண்டபின் வரும் அசதியால் அது தாழ்ந்த வேளை என்று ஒதுக்கி, காகிதங்களை அடுக்குவதற்கு மட்டுமே அவன் வைத்திருந்த நேரம் அது.

நான்காம் நாள் அவன் எழுதிய எண் ஐந்து. அன்றைய கணக்கில், தாய்க் கம்பெனி விற்ற சரக்கில் 60,000 ரூபாய்க்கு உரியது துணைக் கம்பெனியின் கையிருப்பில் இன்னும் விற்காமல் இருந்தது. விற்பனை விலையில் 20 சதவீதம் லாபம். ஒரே குடும்பத்துக்குள் கை மாறிய சரக்கில் லாபம் வந்துவிட்டதாகக் காட்டக்கூடாதாகையால், அந்த 12,000 ரூபாயைச் சரக்கிலிருந்தும் குறைக்க வேண்டும், லாபத்திலிருந்தும் குறைக்க வேண்டும். உற்சாகமாக இருந்தவன் இரண்டையும் விட்டுவிட்டான். இரண்டையும் விட்டதனால் ஐந்தொகையின் இரு பக்கமும் அழகாகச் சமமாயின. சமமானதைப் பார்த்து அவன் மகிழ்ந்து பேனாவை மூடினான்; விடையைத் திருப்பிப் பார்த்த பிறகே முகம் வாடிற்று. ஏழாம் நாள் அவன் எழுதிய எண் இரண்டு. அதே மாதிரிக் கணக்கு, தன்மேல் நம்பிக்கை இல்லாததனால் ஒவ்வொரு வரியையும் இருமுறை பார்த்துக்கொண்டு போனான், ஒன்றும் விடுபடவில்லை. தொடக்கத்தில் ஒரு மணிக்கு மேல் பிடித்த கணக்கு பத்தாம் நாள் முக்கால் மணியில் முடிந்தது. நேரம் குறைந்தது எண் ஏறியதனால் அன்று. ஏறின நாளும் இறங்கின நாளும் ஒரே மாதிரி உட்கார்ந்ததனால்.

சமமான ஐந்தொகைக்கும் அவனுடைய காலை எண்ணுக்கும் உள்ள ஒற்றுமையை அவனே கண்டு சொன்னான். “ரெண்டும் தனக்குத்தானே டேலி ஆகுது மாமா, வெளியில இருந்து பார்த்தாத்தான் தப்பு தெரியுது” என்றான். நான் எழுத நினைத்த கண்டனம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

இந்த வழக்கம் இப்போது ஆபீஸ்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. காலைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் எண்ணைச் சொல்ல வேண்டும் என்று விதித்திருக்கும் ஓர் இடத்தை நான் அறிவேன். அங்கே நாணயமாக இரண்டு என்று சொன்னவன் சோம்பேறி என்று பெயர் வாங்கினான். ஐந்து என்று சொன்னவள்மேல் எல்லாருடைய கடினமான வேலையும் விழுந்தது. ஒரு மாதத்துக்குள் அத்தனை பேரும் நான்கு என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கும் ஒரு சடங்கைக் கரிசனம் என்று அழைக்கிறார்கள்! இரவுப் பணிக்கு வரும் நர்ஸையும், விடியற்காலை முதல் வண்டியை எடுக்கும் பஸ் டிரைவரையும் இந்த எண்ணைக் கேட்பார் யாருமில்லை. தன் வேலையைத் தானே தேர்ந்தெடுக்கும் பாக்கியம் உடையவனுக்கு மட்டுமே சக்திக்கணக்கு பார்க்க அவகாசம் இருக்கிறது. அவனும் தன்னை ஒரு செல்போனாகப் பாவித்து, சார்ஜ் ஏறவில்லை, சார்ஜ் இறங்கிவிட்டது என்று பேசுகிறான். பேட்டரி வேலை செய்தால் இறங்கும்; மனிதனுக்கோ வேலையில் கை வைத்த பிறகுதான் பல நாட்களில் உற்சாகமே பிறக்கிறது.

உடம்பு மெய்யாகவே தளர்ந்திருக்கும் நாள் இல்லையா என்றால், உண்டு. ஜுரம் அடித்தாலும், இரவு கண் விழித்திருந்தாலும், அதற்குப் பரிகாரம் எளிய வேலை அன்று, உறக்கம். மற்ற நாட்களில் சோதிப்பதற்கு வேலையைக் காட்டிலும் நல்ல கருவி கிடையாது. குறித்த நேரத்தில் உட்கார்ந்து இருபது நிமிஷம் கடினமானதைச் செய்யுங்கள். பிறகு பிழைகளை எண்ணுங்கள். வழக்கத்துக்கு மேல் மிகுந்திருந்தால் எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கைக்கு வெளியில் சாட்சி இருக்கிறது. படுக்கையில் எழுதிய எண்ணுக்கு இல்லை.

என் மருமகன் நோட்டுப் புத்தகத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். சி.ஏ. இறுதித் தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குகிறது.