பெட்ரோல் காசுதானே வாங்குகிறோம்?

வெள்ளை போர்டு காரில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வது இப்போது சாதாரணம். ஆப்பில் போட்டால் சீட் நிரம்பிவிடுகிறது, வாட்ஸ்ஆப் குழுவில் போட்டாலும் நிரம்பிவிடுகிறது. "இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறேன், பெட்ரோல் காசுதானே வாங்குகிறேன், எதுவும் ஆகாது" என்பதுதான் பலரும் சொல்லும் சமாதானம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் இது ஆபத்தானது.

முதலில் பாலிசியையே எடுத்துப் பார்ப்போம். தனியார் கார் பாலிசியின் ஷெட்யூல் பக்கத்தில், 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' என்ற தலைப்பில் ஒரு பத்தி இருக்கும். பிரீமியத் தொகையைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடுவதால் அதை யாரும் படிப்பதில்லை. வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது, பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றைத் தவிர மற்ற எந்தப் பயன்பாட்டுக்கும் பாலிசி செல்லும் என்று அது சொல்கிறது. லயபிலிட்டி பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. காரில் பயணிப்பவர்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் கம்பெனி பொறுப்பேற்கும். ஆனால் அவர்கள் வாடகைக்கோ கூலிக்கோ ஏற்றப்பட்டவர்களாக இருக்கக் கூடாது. சும்மா ஏறிய மச்சானுக்கு இருக்கும் பாதுகாப்பு, காசு கொடுத்து ஏறிய முன்பின் தெரியாதவருக்கு இல்லை.

"நான் வாங்குவது வாடகையே இல்லை, செலவைப் பங்கு போடுகிறோம்" என்பது அடுத்த வாதம். எத்தனை ரூபாய் வரை பங்கு, எதற்கு மேல் வாடகை என்று பாலிசியில் கோடு எதுவும் போடப்படவில்லை. ஆகவே கணக்குதான் பேசும். தாம்பரத்திலிருந்து மதுரை சுமார் 440 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்து, லிட்டர் 100 ரூபாய் என்றால் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 3,000 ரூபாய். டோலுக்கு ஒரு 600 என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவரையும் சேர்த்து நாலு பேர் என்றால் ஆளுக்கு 900. ஒரே அலுவலகத்து நண்பர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது இந்த 900-ஐக் கொடுத்தால், அதைக் கூலி என்று நிரூபிக்கக் கம்பெனி படாதபாடு பட வேண்டும். சீட்டுக்கு 1,200 வாங்கினால் மூன்று பேர் காசிலேயே 3,600 வந்துவிடுகிறது, ஓட்டுபவர் இலவசமாகப் போகிறார். 1,300 என்றால் கையில் லாபமே நிற்கிறது. அறிமுகமில்லாதவர்கள், முன்கூட்டியே அறிவித்த சீட் விலை, வாரா வாரம் இதே வேலை என்று சேர்ந்துகொண்டே போனால், பங்கு என்ற சொல்லை யாரும் நம்பப் போவதில்லை.

"என்றைக்கோ ஒருநாள் ஏற்றினால் என்ன?" என்றும் கேட்பார்கள். எத்தனை தடவை ஏற்றினீர்கள் என்பது இங்கே முதல் கேள்வி அல்ல. விபத்து நடந்த அந்தப் பயணத்தில் கார் எதற்காக ஓடியது என்பதுதான் கேள்வி. இது இரண்டு பக்கமும் வெட்டும். போன வாரம் காசு வாங்கி ஓட்டிய காரில் இந்த வாரம் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும்போது மோதினால், பழைய சவாரியைக் காட்டி இந்த கிளெய்மை மறுப்பது எளிதல்ல. வாழ்நாளில் ஒரே ஒரு முறை காசு வாங்கி ஏற்றி, அன்றைக்கே மோதிவிட்டால், 'முதல் தடவை' என்பது உதவாது.

இனி, எல்லோரும் மனதுக்குள் நம்பியிருக்கும் வாதம்: "கம்பெனிக்கு எப்படித் தெரியும்?" உளுந்தூர்பேட்டை பக்கம் இரவு பதினொரு மணிக்கு ஒரு பைக்கில் மோதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். காயம்பட்டவர்களை அரசு மருத்துவமனையில் சேர்க்கும்போது ஏ.ஆர். பதிவில் யார், எந்த வண்டியில் எங்கே போனார் என்று எழுதுவார்கள். போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டு, காரில் இருந்தவர்களிடம் வாக்குமூலம் வாங்கும். கால் உடைந்து கிடப்பவர் உங்களுக்காக ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆப்பில் புக்கிங் இருக்கிறது, யு.பி.ஐ.-யில் 'மதுரை சீட்' என்று குறிப்போடு பணம் வந்திருக்கிறது. கிளெய்ம் படிவத்திலேயே விபத்தின்போது வண்டி எதற்காகப் பயன்பட்டது, எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்விகள் உண்டு. அங்கே 'நண்பர்களோடு சொந்த வேலை' என்று எழுதிவிட்டு, பிறகு பயணிகளின் வாக்குமூலம் வேறாக வந்தால் நிலைமை மாறிவிடும். பாலிசி நிபந்தனையை மீறியவர் என்பது போய், பொய் சொல்லி கிளெய்ம் கேட்டவர் ஆகிவிடுவீர்கள். முதலாவதற்குப் பேச இடம் உண்டு, இரண்டாவதற்கு அநேகமாக இல்லை.

சரி, தெரிந்தேவிட்டது. "மூன்றாம் நபருக்குக் கம்பெனி கொடுத்துத்தானே ஆக வேண்டும்?" என்பார்கள். இது பாதி உண்மை. வாடகைப் பெர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டியது, மோட்டார் வாகனச் சட்டம் கம்பெனிக்கு அனுமதித்திருக்கும் தற்காப்புகளில் ஒன்று. முன்பு 149-ஆவது பிரிவில் இருந்தது, 2019 திருத்தத்துக்குப் பின் 150-ஆவது பிரிவில் இருக்கிறது. இதுபோன்ற மீறல் நிரூபணமானால் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் 'முதலில் கொடு, பிறகு வசூலி' என்று உத்தரவிடுகின்றன. பைக்காரருக்கு 12 லட்சம் தீர்ப்பானால் அவருக்குப் பணம் போய்விடும், அவர் குடும்பம் தெருவில் நிற்காது. அதே 12 லட்சத்துக்கு அடுத்த நோட்டீஸ் காரின் சொந்தக்காரர் பெயருக்கு வரும். இதற்குக் கம்பெனி தனியாக வழக்குப் போட வேண்டியதில்லை, நிறைவேற்று மனுவே போதும் என்று நஞ்சப்பன் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசு கொடுத்து ஏறிய பயணிக்குக் கால் உடைந்ததற்கு 6 லட்சம் என்றால், அங்கே கம்பெனியின் கை இன்னும் வலுவானது. பாலிசி வாசகமே அவரை விலக்கிவைத்திருக்கிறது.

கொஞ்சம் சட்டம் படித்தவர்கள் அமலேந்து சாஹு வழக்கைக் கொண்டுவருவார்கள். 2010-இல் வந்த அந்தத் தீர்ப்பில், வாடகைக்கு விட்ட தனியார் கார் விபத்தில் சிக்கியபோது கிளெய்மை முழுதாகத் தள்ளக் கூடாது, 'நான்-ஸ்டாண்டர்டு' முறையில் தீர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதற்கு முன் 2008-இல் நிதின் கண்டேல்வால் வழக்கில், டாக்ஸியாக ஓடியதாகச் சொல்லப்பட்ட வண்டி திருடுபோனபோதும் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. இந்தத் தீர்ப்புகள் கார்க்காரருக்குப் பெரிய பலம், மறுப்பு லெட்டர் வந்தவர்கள் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அவை எதைப் பற்றியவை என்று பாருங்கள். அவை ஓன் டேமேஜ் பற்றியவை, அதாவது உங்கள் காரின் சேதம் அல்லது திருட்டு. நம் உதாரணத்தில் காரின் பழுது 3 லட்சம் என்றால், அதிகபட்சம் 2.25 லட்சம் கிடைக்கலாம். அதுவும் கேட்டதும் வராது, வழக்காடிப் பெற வேண்டியிருக்கலாம். மேலே சொன்ன 12 லட்சத்தையும் 6 லட்சத்தையும் இந்த 75 சதவீதம் தொடவே தொடாது.

கடைசியாக, "ஆப்காரர்களே இன்சூரன்ஸ் தருகிறார்களே" என்பது. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட அக்ரிகேட்டர் வழிகாட்டுதல்கள், மாநில அரசு தடுக்காத வரை தனியார் கார்களில் ரைட் பூலிங் நடத்தலாம் என்றன. நகருக்குள் நாளைக்கு நாலு, ஊர் விட்டு ஊருக்கு வாரத்துக்கு இரண்டு பயணம் என வரம்பு வைத்து, பயணிகளுக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இன்சூரன்ஸ் வேண்டும் என்றன. அந்த 5 லட்சம் பயணிகளுக்கானது. உங்கள் பம்பருக்கும் பைக்காரருக்கும் அதில் இடமில்லை. வழிகாட்டுதல் வந்ததால் உங்கள் பாலிசியின் வாசகம் தானாகத் திருந்தியும் விடவில்லை. பூலிங் செய்யத்தான் வேண்டுமென்றால், இந்த ஆப்பில் இன்ன தொகைக்கு ஏற்றுகிறேன், பாலிசி செல்லுமா என்று கம்பெனிக்கே மெயில் போட்டுக் கேளுங்கள். ஏஜென்ட் போனில் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்வது கிளெய்ம் நாளில் காகிதமாக இருக்காது.